"வேலை நெருக்கடியிலும்": ஓர் ஒல்லாந்த நன்றி அட்டையைப் படித்தல்

இலக்கிய விமர்சனத்துக்கு உரிய பொருளாக நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் கொள்வதே நம்மிடையே வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது அஞ்சலட்டை அளவுள்ள ஒரு தடித்த தாள். முகப்பில் நீலப் பூக்கள் அச்சாகியுள்ளன. உள்ளே ஒல்லாந்த மொழியில் நான்கு வாக்கியங்கள் கையால் எழுதப்பட்டுள்ளன. நெதர்லாந்தின் ஓர் ஆஸ்பத்திரியில் நேர்ஸாக வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணுக்கு, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒரு நோயாளியின் குடும்பம் எழுதிக் கொடுத்தது அது. அந்தப் பெண் நம் நண்பர் ஒருவரின் தமக்கை. பொரளையில் பிறந்தவர். 1983 ஜூலை 24ஆம் நாள் இரவு கனத்தை மயானத்தருகே மூண்ட தீ அடுத்த நாட்களில் நகரமெங்கும் பரவியபோது அவருக்குப் பதின்மூன்று வயது. குடும்பம் அகதி முகாமுக்கும், பின்னர் யாழ்ப்பாணத்துக்கும், எண்பதுகளின் நடுப்பகுதியில் நெதர்லாந்துக்குமாகச் சிதறியது. அங்கே மொழி பயின்று, தாதிக் கல்வி முடித்து, முப்பது ஆண்டுகளாக அவர் வாட்டுகளில் நடந்துகொண்டிருக்கிறார். தாயாரின் நோய் காரணமாக அண்மையில் கொழும்புக்கு வந்திருந்தபோது, கைப்பையிலிருந்து இந்த அட்டையை எடுத்து நம்மிடம் காட்டினார். ஏன் காட்டினார் என்பதைப் பின்னர் சொல்லுவோம்.

ஒல்லாந்த மொழி கொழும்பு வாசிகளான நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1656 முதல் 1796 வரை இந்நகரை ஆண்டவர்கள் நமக்கு விட்டுச்சென்ற சொற்களில் இரண்டை நாம் இன்றும் வாய்க்கு வாய் வழங்குகிறோம். ஒன்று கந்தோர், மற்றது கக்கூஸ். அதிகாரி அமரும் இடமும், அவன் கழிவை இன்னொருவன் அள்ளும் இடமும்! கோட்டையில் அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரிக் கட்டடம் 2011 முதல் உணவகங்களும் கடைகளும் நிறைந்த உல்லாச வளாகமாக விளங்குகிறது. அந்த ஆஸ்பத்திரியில் கக்கூஸ் சட்டி சுமந்தவருக்கு யாரேனும் அட்டை எழுதியிருப்பார்களா என்று கேட்பது வீண் கேள்வி. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர், அதே மொழியில், அந்நகரில் பிறந்த ஒரு பெண்ணுக்கு எழுதப்பட்டது என்பது மட்டும் நம் கையில் உள்ள உண்மை.

அட்டையின் விளிப்பை முதலில் பார்ப்போம். "லீவெ ஸுஸ்டர்" என்று தொடங்குகிறது. "அன்புச் சகோதரி" என்பது அதன் சொற்பொருள். அடுத்து அவருடைய பெயர். நாலெழுத்துப் பெயரில் இரண்டெழுத்துத்தான் அட்டையில் உள்ளது. மற்ற இரண்டும் அந்நாட்டார் நாவில் தங்காமல் எப்பொழுதோ உதிர்ந்துவிட்டனவாம். அந்நாட்டுச் சட்டம் இவருக்குத் தந்திருக்கும் பட்டம் வேறு: வெர்ப்லேக்குண்டிகெ, அதாவது நோயாளரைப் பேணுதலில் தேர்ச்சி பெற்றவர். 1993இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி, பதிவேட்டில் பெயர் உள்ளவரன்றிப் பிறர் அப்பட்டத்தைப் பூணுதல் குற்றம். ஆயினும் நோயாளியின் வாயில் வருவது பட்டமன்று, ஸுஸ்டர்தான். அச்சொல் கன்னியர் மடத்திலிருந்து வந்தது. கூலியின்றி, இறைவன் பெயரால், இரவும் பகலும் பணிசெய்த பெண்களின் சொல் அது. நம் கொழும்புப் பெரியாஸ்பத்திரியிலும் கத்தோலிக்கக் கன்னியர் பல்லாண்டுகள் தாதியராய்ப் பணிபுரிந்தனர். இன்று நாம் "மிஸ்ஸி" என்கிறோம். அரச கடிதங்களில் "தாதி உத்தியோகத்தர்" என்று எழுதுகிறோம். பழைய தமிழில் தாதி என்பது செவிலித்தாயையும் குறிக்கும், ஏவலுக்கு நிற்கும் பணிப்பெண்ணையும் குறிக்கும். தாய்க்கும் பணிப்பெண்ணுக்கும் நடுவில் ஒரு தொழிலாளியை நிறுத்தும் சொல் எம்மொழியிலும் எளிதில் பிறப்பதில்லை போலும்.

ஆனால் "அன்புச் சகோதரி" என்று விளித்த கை, அடுத்த வரியிலேயே "யூ" என்கிறது. அம்மொழியில் நீ என்பதற்கு ஒரு சொல்லும் நீங்கள் என்பதற்கு மற்றொரு சொல்லும் உண்டு. இளையோர் பலர் யாவரையும் நீ என்றே அழைக்கும் இக்காலத்தில், எழுதியவர் நீங்கள் என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். உறவும் வேண்டும், மரியாதையும் வேண்டும் என்ற தவிப்பு இதில் தெரிகிறது. தமிழர்க்கு இது புரியாத தவிப்பன்று.

இனி வாக்கியங்கள். முதலாவது: "எங்கள் தாயாரை நன்றாகக் கவனித்துக்கொண்டமைக்கு மனமார்ந்த நன்றி." இது வழக்கமான வாசகம். கடைகளில் விற்கும் அட்டைகளில் அச்சிட்டே வருவது. எனினும் அதில் கவனிப்பு என்று நாம் பெயர்த்த இடத்தில் உள்ள சொல் "ஸோர்கென்". அம்மொழியில் ஸோர்க் என்றால் பராமரிப்பு, கவலையும் அதுவே. தாயை எண்ணி மகள் கொண்ட கவலையும், அத்தாயின் உடலைக் கழுவித் துடைத்த தாதியின் உழைப்பும் ஒரே சொல்லால் சொல்லப்படுகின்றன. கவலை வீட்டாருடையது, உழைப்பு கூலிக்கு வந்தவருடையது. இரண்டையும் ஒன்றெனக் காட்டும் சொல் அழகானது. உழைப்பின் விலையைப் பற்றிப் பேச்சு எழும்போது அதே அழகு இடைஞ்சலாகவும் அமையும். கவலைக்கு எவரும் சம்பளம் கேட்பதில்லை அன்றோ? நம் பேச்சுத் தமிழில் இதற்குரிய வினை "பார்த்தல்". "அம்மாவை நல்லாப் பார்த்தவை" என்போம். நான்காம் வாக்கியத்துக்கு வரும்போது இவ்வினை நமக்கு உதவும்.

இரண்டாம் வாக்கியம்: "எதுவும் உங்களுக்கு அதிகமாகத் தோன்றவில்லை." எவ்வளவு வேலை சொன்னாலும் சலிக்காமல் செய்தீர்கள் என்பது கருத்து. இதுவும் வழக்குத்தான். இவ்வாக்கியத்தை நாம் உரக்கப் படித்தபோது அந்தப் பெண் சிரித்துவிட்டார். "எல்லாமே அதிகமாகத்தான் இருந்தது" என்றார்.

மூன்றாவது வாக்கியமே நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. "ஒண்டாங்ஸ் டெ ட்ருக்டெ" என்று தொடங்குகிறது அது. "வேலை நெருக்கடியிலும் உங்களுக்கு எப்பொழுதும் நேரம் இருந்தது." ட்ருக்டெ என்ற சொல்லின் வேர் அழுத்தம். கூட்டம், பரபரப்பு, வேலைப்பளு எல்லாவற்றையும் அது குறிக்கும். சந்தையிலும் ட்ருக்டெ, தெருவிலும் ட்ருக்டெ, வாட்டிலும் ட்ருக்டெ. மழையைப் போல, பனியைப் போல, யாரும் உண்டாக்காமல் தானே வந்து கவிந்த ஒன்றைப் போல அச்சொல் ஒலிக்கிறது. அதற்கு வினைமுதல் இல்லை. ஆனால் வாட்டில் அந்நெருக்கடிக்கு வினைமுதல் உண்டு. அந்த இரவுகளில் தம் வாட்டில் இருபத்தெட்டுக் கட்டில்களுக்கு இரண்டு தாதியர் என்று அவர் கணக்குச் சொன்னார். ஒருவர் மருந்து கலக்கும்போது மற்றவர் மணியடிக்கும் அறைகளுக்கெல்லாம் ஓடவேண்டும். இரண்டு மணிகள் ஒருசேர அடித்தால் எதற்கு முதலில் போவது என்பதை ஓடும்போதே முடிவுசெய்ய வேண்டும். இருவரா மூவரா என்பதை வானிலை தீர்மானிப்பதில்லை. வரவு செலவுத் திட்டம் தீர்மானிக்கிறது.

எழுதிய மகள் இதை அறியாதவரல்லர். தாயின் கட்டிலருகே அமர்ந்திருந்த நாட்களில் ஓடிய கால்களைக் கண்டிருக்கிறார். கண்டதை எழுதியும் இருக்கிறார். ஆகவே இவ்வாக்கியம் ஒரு சாட்சியம். நிர்வாகத்தின் எந்த அறிக்கையிலும் ஏறாத ஆட்பற்றாக்குறை, பூப்போட்ட அட்டையில் ஏறிவிட்டது. ஆனால் "நெருக்கடியிலும்" என்ற உம்மை அந்தச் சாட்சியத்தைப் புகழ்ச்சியாகத் திருப்பிவிடுகிறது. நெருக்கடி பெரிதாகப் பெரிதாகத் தாதியின் குணமும் உயர்ந்து தோன்றும்! மூன்றாவது தாதி ஒருவர் இருந்திருந்தால் இவ்வாக்கியம் எழுதப்பட்டே இராது. முறைப்பாடாகப் பிறந்த ஒன்று புகழாக வளர்ந்துவிட்டது. நம் சிறுகதைகளிலும் வறுமையைத் தாய்மார்களின் தியாகத்தை விளக்கும் திரைச்சீலையாகத் தொங்கவிடும் எழுத்தாளர்கள் உண்டு. அவர்களிடம் நாம் காணும் குறையையே இந்த எளிய மகளின் வாக்கியத்திலும் காண்கிறோம். ஆனால் அவளை நாம் கண்டிக்க மாட்டோம். தாய் பிழைத்துவிட்ட மகிழ்ச்சியில், உபகாரம் செய்த ஒருவரின் முன்னிலையில், வேறெப்படி எழுதுவாள்?

இவ்வட்டையை நம்மோடு சேர்ந்து படித்த தோழர் ஒருவர், "இது முதலாளித்துவச் சமுதாயம் தரும் இனாம்; சம்பளத்துக்குப் பதில் இனிப்பும் புகழும்" என்றார். அதை நாம் ஏற்பதற்கில்லை. அட்டை எழுதிய குடும்பத்தின் கையில் தாதியரின் சம்பளம் இல்லை. அங்கே தாதியர் பெரும் பரிசுகளை ஏற்பது தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது. எனவே ஒரு பெட்டி சாக்லேட்டும் ஓர் அட்டையும்தான் அக்குடும்பம் கொடுக்கக்கூடியவை. இனாமாக நன்றியை வழங்கியவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள்.

அதன் கதையும் சொல்லத்தக்கதே. அட்டை வந்த அதே 2019இல், நவம்பர் 20ஆம் நாள், நெதர்லாந்தின் ஆஸ்பத்திரித் தொழிலாளர் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். ஆஸ்பத்திரித் துறை முழுவதிலும் அத்தகைய வேலைநிறுத்தம் அந்நாட்டில் அதுவே முதல் தடவை. நோயாளரைக் கைவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எவ்வளவு பேர் வேலை செய்வார்களோ அவ்வளவு பேர் வேலை செய்தனர். அவசர சிகிச்சை நடந்தது. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. கூலி உயர்வும் ஆட்குறைவைத் தீர்ப்பதுமே கோரிக்கைகள். நம் நண்பரின் தமக்கையும் அன்று வாயிலில் நின்றார். நான்கு மாதங்களில் கொரோனா வந்தது. 2020 மார்ச் 17 இரவு எட்டு மணிக்கு நாட்டு மக்கள் சன்னல்களைத் திறந்து தாதியருக்கும் மருத்துவருக்கும் கைதட்டினர். அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள், தாதியரின் சம்பளத்தை நிரந்தரமாக உயர்த்தும் பிரேரணை பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆளுங்கட்சிகளின் உறுப்பினர்கள் சபையில் இருக்கவில்லை. போதிய உறுப்பினர் இன்மையால் வாக்கெடுப்பு நடைபெறவில்லை. ஒருமுறை ஊக்கத்தொகையாக 1000 யூரோ வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டுக்கான தொகை 400 யூரோவுக்கும் கீழே சுருங்கியது. கைதட்டியவர்களை நாம் குறைகூறவில்லை. அவர்களும் அட்டை எழுதிய மகளின் இனத்தவரே. ஆனால் அக்கைதட்டலைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு எழுந்து சென்றவர்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது நம் தோழரின் தவறு.

நான்காவது வாக்கியத்துக்கு வருவோம். இது எந்தக் கடையிலும் அச்சிட்டு விற்கப்படுவதன்று. "ஒவ்வோர் இரவும் அம்மாவின் காதுக் கருவிகளைக் கழற்றி, அவர் பெயர் எழுதிய சிறு டப்பாவில் வைத்தீர்கள், காலையில் அவர் எங்கள் குரலைக் கேட்டார்."

இதன் பொருளை வாசகர் முழுமையாக உணர, நோயின் கதையைச் சிறிது சொல்லவேண்டும். அந்தத் தாய் எண்பது கடந்தவர். வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். இவ்வயதில் இச்சிகிச்சைக்குப் பின் வரக்கூடிய பெரிய ஆபத்துக்களில் ஒன்று டிலீரியம் என்னும் திடீர்ச் சித்தத் தடுமாற்றம். வலியும், மருந்தும், கிருமித் தொற்றும், உடல் நீர் வற்றுதலும், உறக்கமின்மையும், பழகாத இடமும் சேர்ந்து அதை உண்டாக்கும். பகலில் தெளிவாகப் பேசியவர் இரவில் இடம் அறியாது பிதற்றுவார். மருந்துக் குழாயைப் பிடுங்குவார். கட்டிலிலிருந்து இறங்கி மீண்டும் விழுவார். சிலர் கூச்சலிடாமல் ஒடுங்கிக் கிடப்பர். அவர்களைக் களைப்பு என்று எண்ணி விட்டுவிடுவதும் உண்டு. காது கேளாதவருக்கும் கண் மங்கியவருக்கும் இந்த ஆபத்து மிகுதி. யார் பேசுகிறார், என்ன கேட்கிறார் என்பது புரியாதபோது மனம் தானாக ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறது. சிலவேளை, காது கேளாமையால் பொருந்தாத விடை சொல்லும் கிழவியைப் புத்தி மாறியவர் என்று குறித்துவிடுவதும் நடக்கும். ஆகவே மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் அக்கட்டிலில் மருந்துக்குச் சமானம்.

ஆனால் வாட்டில் மிக எளிதாகத் தொலையும் பொருள் காதுக் கருவியே. நோயாளி அதைத் தாளில் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டில் வைப்பார். தட்டோடு குப்பைக்குப் போகும். தலையணை உறைக்குள் நழுவிச் சலவைக்குப் போகும். இரவுடையின் பையில் கிடந்து அதுவும் சலவைக்குப் போகும். தாதி செய்தது இவ்வளவே: உறங்குமுன் இரண்டையும் கழற்றினார். மின்கலம் வீணாகாதபடி அதன் சிறு கதவைத் திறந்து வைத்தார். பெயர் ஒட்டிய டப்பாவில் இட்டு, ஒரே இடத்தில் வைத்தார். காலையில் சிவப்புக் குறியுள்ளதை வலக் காதிலும் நீலக் குறியுள்ளதை இடக் காதிலும் பொருத்துமாறு அடுத்த முறைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். மொத்தம் இரண்டு நிமிட வேலை. இரவு முழுதும் ஓடுபவருக்கு அந்த இரண்டு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கேள்வி. பக்கத்து அறைக் கிழவரின் கருவி ஒன்று அதே வாரத்தில் தொலைந்ததாம். "அன்றைக்கு எனக்கு அந்த அறைக்குப் போக நேரம் கிடைக்கவில்லை" என்று அவர் சொன்னார். அக்கிழவரின் குடும்பம் அட்டை எழுதவில்லை. எழுதியிருக்கவும் நியாயமில்லை.

இதனால் மூன்றாம் வாக்கியம் பொய்யாகிறது என்பதை வாசகர் கவனிப்பாராக. எப்பொழுதும் நேரம் இருந்ததில்லை. ஒருவருக்கு இருந்தபோது இன்னொருவருக்கு இல்லாமற்போயிற்று. ஆனால் நான்காம் வாக்கியம் அணுவளவும் பொய்யன்று. மகள் டப்பாவைப் பார்த்தாள். அதில் எழுதிய பெயரைப் பார்த்தாள். அதை எழுதிய கையைத் தேடிக் கண்டுபிடித்தாள். தாதி நோயாளியைப் பார்த்ததும், மகள் தாதியைப் பார்த்ததும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. நல்லவர், அன்பானவர், சலியாதவர் என்ற அடைமொழி ஒன்றுமில்லை. ஒரு வேலை சொல்லப்படுகிறது, அதன் விளைவு சொல்லப்படுகிறது. யதார்த்தவாதம் என்று நாம் பெரிய நாவல்களில் தேடும் பொருள் இதுவே என்பது நம் துணிபு. இதை எழுதியவள் எழுத்தாளர் அல்லள் என்பதில் வியப்பில்லை. அவள் காலையில் ஒரு குரலுக்கு விடை பெற்றவள், எங்கிருந்து பெற்றாள் என்று தேடினாள், அவ்வளவே.

அந்தப் பெண் இந்த அட்டையை நம்மிடம் காட்டிய காரணம் இதுதான். அவருடைய தாயார் கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியின் வாட்டில் மூன்று வாரம் கிடந்து, பிழைத்து வீடு திரும்பியிருக்கிறார். அங்கே இரவு முறையில் இருந்த சிங்கள மிஸ்ஸி ஒருவருக்கு நன்றி எழுதவேண்டும்; பதின்மூன்று வயதில் விட்டுப்போன சிங்களம் அவருக்கு எழுத்தில் வரவில்லை. தமிழில் நாம் எழுதித்தர, சிங்களமறிந்த நண்பர் பெயர்ப்பதாக ஏற்பாடு. நாம் வழக்கம்போல் "தங்கள் தன்னலமற்ற சேவைக்கு" என்று தொடங்கினோம். அவர் தலையை அசைத்தார். அந்த மிஸ்ஸி என்ன செய்தார் என்று கேட்டோம். தாயாரின் பல்செட்டைத் தண்ணீர் ஊற்றிய ஜாம் போத்தலில் இட்டு, மூடியில் பிளாஸ்டர் ஒட்டி, கட்டில் இலக்கத்தை எழுதி வைத்தாராம். மூன்று வாரமும் அம்மா மென்று சாப்பிட்டார். வாட்டில் எத்தனை பேர் என்று கேட்டோம். கட்டிலிலும் தரையிலுமாக நாற்பத்தொரு பேர், மிஸ்ஸிமார் இருவர். மூன்றாவதாக இருந்தவர், 2022இல் அரசு தன் ஊழியருக்கு ஐந்தாண்டுவரை சம்பளமற்ற விடுமுறை கொடுத்து வெளிநாட்டு வேலைக்கு வழிவிட்ட பின்னர், கடல் கடந்து போய்விட்டாராம். அவர் இப்போது எந்த மொழியில் அட்டை பெறுகிறாரோ!

முதலில் "வேலை நெருக்கடியிலும்" என்று எழுதி, அதை நாமே அடித்தோம். அதற்குப் பதிலாக இப்படி எழுதினோம்: "நாற்பத்தொரு பேருக்கு நீங்கள் இருவர் இருந்தீர்கள். ஜாம் போத்தலின் மூடியில் எங்கள் அம்மாவின் கட்டில் இலக்கத்தை எழுதி வைத்தீர்கள்." இந்த எண்ணை எழுதினால் மேலிடத்தார் கண்ணில் பட்டு மிஸ்ஸிக்குத் தொல்லை வருமோ என்று நண்பர் தயங்கினார். அந்தப் பெண் சிறிது நேரம் யோசித்தார். பின்னர், மிஸ்ஸியையே கேட்டுவிட்டு எழுதுவோம் என்று, எண்ணுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, தாளை மடித்து ஒல்லாந்த அட்டைக்குள் வைத்துக்கொண்டு, பொரளைச் சந்தியில் பஸ் ஏறினார்.